முளைப்பயறுச் சாறும் ஏம்ஸ் சோதனையும்: கூடிவந்த காலனிகள் எதைச் சொல்கின்றன?

கேள்வி: "எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு முளைகட்டிய பயறின் நீர்ச்சாற்றை, ஒரு பொருள் டிஎன்ஏவை மாற்றுகிறதா என்று பாக்டீரியாவை வைத்துச் சோதிக்கும் ஏம்ஸ் சோதனையில் வைத்துப் பார்த்தேன். எஸ்9 என்ற கல்லீரல் நொதிக் கலவையைச் சேர்க்கவில்லை. டிஏ98-ல் கட்டுப்பாட்டுத் தட்டில் சராசரி 28 காலனி; சாறு 1.25, 2.5, 5 மில்லிகிராம் போட்டதில் 39, 52, 75. டிஏ100-ல் கட்டுப்பாடு 122. சாற்றில் 171, 223, 318. சடுதிமாற்றம் உண்டாக்கும் என்று தெரிந்தே நேர்க்கட்டுப்பாடாக வைத்த சோடியம் அசைடு, 2-நைட்ரோஃப்ளுவோரீன் இரண்டும் நன்றாக வேலை செய்தன. இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டதால் சாறு சடுதிமாற்றம் உண்டாக்கும் என்று எழுதலாமா? ஒன்றுமே போடாத தட்டில் ஏன் காலனி வருகிறது? அப்படியே எழுதினால், பயறு புற்றுநோய் தரும் என்று ஆகிவிடுமா?"

இப்போதைக்கு எழுதாதீர்கள். உங்கள் எண்கள் சடுதிமாற்றத்தைவிட வேறொன்றைத்தான் அதிகம் காட்டுகின்றன. சாற்றில் இருக்கும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் பாக்டீரியாவுக்குத் தீனியாகப் போயிருக்கலாம். அதை உறுதிப்படுத்த நான்கைந்து தட்டுகள் போதும். ஆனால் ஏன் அப்படிச் சந்தேகப்படுகிறேன் என்று புரிய, அந்தத் தட்டுக்குள் 48 மணி நேரம் என்ன நடக்கிறது என்பதிலிருந்து வர வேண்டும்.

நீங்கள் பயன்படுத்திய டிஏ98, டிஏ100 பாக்டீரியா ரகங்கள் சால்மொனெல்லா டைஃபிமூரியம் எல்டி2 என்ற ரகத்திலிருந்து கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் புரூஸ் ஏம்ஸும் அவருடைய குழுவும் 1970-களில் உருவாக்கியவை. இயல்பான சால்மொனெல்லா ஹிஸ்டிடினைத் தானே தயாரித்துக்கொள்ளும். இந்த ரகங்களில் அந்தத் தயாரிப்பு வரிசையின் ஒரு மரபணு ஏற்கெனவே பழுதாகியிருக்கிறது. டிஏ100-ல் பழுது ஹிஸ்ஜி மரபணுவில்: ஓரிடத்தில் லியூசினைக் குறிக்கும் சிடிசி, புரோலினைக் குறிக்கும் சிசிசி ஆகிவிட்டது. ஒரே ஒரு எழுத்து மாறியதில் நொதி வேலை செய்யவில்லை. டிஏ98-ல் பழுது ஹிஸ்டி மரபணுவில். அங்கே ஓர் எழுத்து விடுபட்டு, மூன்று மூன்றாகப் படிக்க வேண்டிய வாசிப்பு முழுதும் இடம் பெயர்ந்துவிட்டது. பக்கத்தில் சிஜிசிஜிசிஜிசிஜி என்று திரும்பத் திரும்ப வரும் ஒரு துண்டு இருக்கிறது. அதிலிருந்து இரண்டு எழுத்து நழுவினால் மொத்த இழப்பு மூன்றாகி வாசிப்பு மறுபடி ஒழுங்குக்கு வந்துவிடும். ஆகவே டிஏ100 எழுத்து மாற்றத்துக்கும், டிஏ98 எழுத்து நழுவலுக்கும் கண்ணி வைத்துக் காத்திருக்கின்றன. ஒரு பொருள் டிஎன்ஏவைத் தொட்டு அந்தப் பழுதைத் தற்செயலாகச் சரிசெய்துவிட்டால், அந்த ஒரு செல் ஹிஸ்டிடின் இல்லாமலேயே பெருகிக் காலனி ஆகிவிடும். பழுதான மரபணு திரும்பப் பழைய நிலைக்கு மீள்வதைத்தான் எண்ணுகிறோம். அதனால்தான் அந்தக் காலனிகளுக்கு ரிவர்டன்ட் என்று பெயர்.

இத்துடன் இரண்டு மூன்று பலவீனங்களையும் வேண்டுமென்றே புகுத்தியிருக்கிறார்கள். யுவிஆர்பி என்ற பழுதுநீக்கும் மரபணுவை வெட்டியெடுத்ததால் டிஎன்ஏ காயம் எளிதில் ஆறாது. வெட்டும்போது பக்கத்தில் இருந்த பயோட்டின் மரபணுவும் சேர்ந்து போய்விட்டது. ஆகவே ஹிஸ்டிடினோடு பயோட்டினும் நாம்தான் கொடுக்க வேண்டும். ஆர்எஃப்ஏ மாற்றம் வெளிச்சுவரைக் குலைத்து, பெரிய மூலக்கூறுகளும் உள்ளே வர வழிவிடுகிறது. டிஏ98, டிஏ100 இரண்டிலும் பிகேஎம்101 என்ற பிளாஸ்மிடும், அதாவது தனியான ஒரு குட்டி டிஎன்ஏ வளையமும், இருக்கிறது. காயம்பட்ட டிஎன்ஏவைத் தப்பும் தவறுமாக நகலெடுக்கும் நொதிகளை அது தருகிறது. கூடவே ஆம்பிசிலினுக்கு எதிர்ப்பையும் தருகிறது.

ஒன்றும் போடாத தட்டில் காலனி வருவதற்குக் காரணம் எளிது. ஒரு தட்டில் நீங்கள் விடும் 0.1 மி.லி. இரவுக் கல்ச்சரில் பத்துக் கோடிக்கு மேல் செல்கள் இருக்கின்றன. அத்தனை செல்களில் சில யாருடைய உதவியும் இல்லாமலே நகலெடுப்புப் பிழையால் மீண்டுவிடும். டிஏ98-க்கு 20 முதல் 50 வரையும், டிஏ100-க்கு 75 முதல் 200 வரையும் வழக்கமான எல்லை. உங்கள் 28-உம் 122-உம் சரியான இடத்தில் இருக்கின்றன. சொல்லப்போனால், கட்டுப்பாட்டுத் தட்டில் காலனியே வராதிருந்தால்தான் பயப்பட வேண்டும். டிஏ100-ல் எண்ணிக்கை 15-க்கு இறங்கினால், பிளாஸ்மிடைத் தொலைத்துவிட்டு அது தன் தாய் ரகமான டிஏ1535 ஆகிவிட்டது என்று பெரும்பாலும் பொருள்.

இனி முக்கியமான இடம். ஹிஸ்டிடின் இல்லாத தட்டு என்று பாடப்புத்தகம் சொல்கிறது. ஆனால் தட்டில் ஹிஸ்டிடின் இருக்கிறது. தட்டில் முதலில் உறைந்திருக்கும் அடி அகாரில் இல்லை, பாக்டீரியாவைக் கலந்து அதன்மேல் ஊற்றும் மேல் அகாரில் இருக்கிறது. 100 மி.லி. மேல் அகாருக்கு, 0.5 மில்லிமோலார் ஹிஸ்டிடின்-பயோட்டின் கரைசல் 10 மி.லி. சேர்க்கிறோம். அதிலிருந்து 2 மி.லி. எடுத்து ஒரு தட்டில் ஊற்றுகிறோம். கணக்குப் போட்டால் தட்டுக்கு 0.1 மைக்ரோமோல், ஏறத்தாழ 15.5 மைக்ரோகிராம் ஹிஸ்டிடின். கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் சோதனை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

அந்தச் சொட்டு ஹிஸ்டிடின் எதற்கு? ஒரு வேதிப்பொருள் டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்வது மட்டும் சடுதிமாற்றம் ஆகாது. காயம்பட்ட இழை ஒருமுறையாவது நகலெடுக்கப்பட்டால்தான் தவறான எழுத்து நிலைபெறும். ஹிஸ்டிடின் துளியும் இல்லாவிட்டால் செல் பிரியவே முடியாது. பிரியாவிட்டால் காயம் மாற்றமாக உருவெடுக்காது. ஆகவே எல்லாச் செல்களும் சில தலைமுறை பிரியும் அளவுக்குத் தீனி கொடுத்துவிட்டுப் பட்டினி போடுகிறோம். அந்தச் சில தலைமுறைகளின் விளைவுதான் தட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் காலனிகளுக்கு நடுவே தெரியும் மெல்லிய மூட்டம். லேபில் லான் என்பார்கள். நுண்ணோக்கியின் சிறிய லென்ஸில் பார்த்தால் அது மூட்டமல்ல, மணலைத் தூவியதுபோல் ஒரே அளவிலான ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டித் திரள்கள். ஒவ்வொன்றும் ஹிஸ்டிடின் தீர்ந்ததும் நின்றுபோன ஒரு குடும்பம். ஏம்ஸ் சோதனையில் காலனியை எண்ணத் தெரிந்தவர்கள் நிறைய. இந்த லானைப் பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு.

இப்போது உங்கள் சாற்றுக்கு வருவோம். விதை முளைக்கும்போது சேமித்த புரதத்தை உடைத்து அமினோ அமிலமாகவும் சிறு பெப்டைடாகவும் மாற்றிக்கொள்கிறது. அதை நீரில் எடுத்தால் அவை எல்லாம் சாற்றில் வந்துவிடும். சாற்றில் ஹிஸ்டிடின் இருந்தால் செல்கள் கூடுதலாகச் சில தலைமுறை பிரியும்; பிரிவு கூடினால் தற்செயல் பிழைகளும் கூடும்; ரிவர்டன்ட் கூடும். யாரும் டிஎன்ஏவைத் தொடவே இல்லை, ஆனால் காலனி ஏறியிருக்கும்.

உங்கள் எண்களைக் கட்டுப்பாட்டால் வகுத்துப் பாருங்கள். டிஏ98-ல் 1.39, 1.86, 2.68. டிஏ100-ல் 1.40, 1.83, 2.61. இரண்டு ரகமும் ஒன்றன் நிழல்போல் மற்றது ஏறியிருக்கிறது. ஒன்று எழுத்து மாற்றத்தைப் பிடிப்பது, மற்றது எழுத்து நழுவலைப் பிடிப்பது. இரண்டையும் தாக்கும் பொருட்கள் உண்டுதான். ஆனால் ஒரே மடங்கில், மூன்று அளவிலும் ஒத்துப்போகும்படி தாக்குவது அபூர்வம். தீனி கூடினால் மட்டும் இது இயல்பாகவே நடக்கும், ஏனென்றால் தீனி எந்த மரபணுவில் பழுது என்று பார்ப்பதில்லை. தற்செயலாக வரும் எண்ணிக்கை எதுவோ அதைப் பெருக்கிவிடும்.

இன்னும் ஒரு படி போகலாம். தட்டில் ஏற்கெனவே 15.5 மைக்ரோகிராம். எண்ணிக்கை 2.6 மடங்காக, மொத்தம் சுமார் 40 தேவை. கூடுதலாக வந்தது 25 மைக்ரோகிராம் என்று வைப்போம். 5 மில்லிகிராம் சாற்றில் 25 மைக்ரோகிராம் என்றால் 0.5 விழுக்காடு. அதே விழுக்காட்டை 1.25 மில்லிகிராமுக்குப் போட்டால் 1.40 மடங்கு வர வேண்டும், 2.5-க்கு 1.8. உங்கள் எண்கள் அங்கேயே விழுகின்றன. இதை நிரூபணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உண்மையான சடுதிமாற்றப் பொருளும் நேர்கோட்டில் ஏறக்கூடும். தவிர, இரவுக் கல்ச்சரிலேயே மீண்டிருந்த செல்களும் ஊற்றும் போதே தட்டுக்கு வருவதால், ஹிஸ்டிடினும் ரிவர்டன்ட் எண்ணிக்கையும் துல்லியமான நேர்விகிதத்தில் இருக்காது. ஆனால் நீர்ச்சாற்றில் அரை விழுக்காடு ஹிஸ்டிடின் நம்ப முடியாத அளவு இல்லை என்பது மட்டும் இந்தக் கணக்கில் தெளிவாகிறது. சந்தேகத்துக்கு அது போதும்.

முதல் சோதனை இதுதான். மேல் அகாரில் பயோட்டின் மட்டும் சேருங்கள், ஹிஸ்டிடினை விட்டுவிடுங்கள். ஒரு தட்டில் பாக்டீரியா மட்டும், இன்னொன்றில் பாக்டீரியாவுடன் 5 மில்லிகிராம் சாறு. முதல் தட்டில் லான் கிட்டத்தட்ட இருக்கக் கூடாது. இரண்டாவதில் லான் வந்தால் சாறுதான் ஊட்டுகிறது. அதற்கு மேல் வாதம் தேவையில்லை. மூன்றாவதாக, பாக்டீரியா இல்லாமல் சாற்றை மட்டும் மேல் அகாரில் ஊற்றிய ஒரு தட்டும் வையுங்கள். முளைப்பயறு கிருமிகள் மண்டிக் கிடக்கும் பொருள், 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டாத சாற்றோடு சேர்ந்து வரும் கிருமிகளையும் ரிவர்டன்ட் என்று எண்ணிவிட வாய்ப்பு உண்டு.

இரண்டாவது, ஹிஸ்டிடினுக்கே ஓர் ஏணி கட்டுங்கள். ஒரு மி.லி.க்கு 0.4 மில்லிகிராம் எல்-ஹிஸ்டிடின் கரைசல் தயாரித்து வடிகட்டி, சாறு இல்லாத வழக்கமான தட்டுகளில் 5, 10, 20, 40 மைக்ரோகிராம் கூடுதலாகக் கிடைக்கும்படி விடுங்கள். காலனிகளை எண்ணி ஒரு வரைபடம் போட்டால், உங்கள் லேபில், உங்கள் அகாரில், எத்தனை மைக்ரோகிராம் ஹிஸ்டிடின் எத்தனை காலனியை ஏற்றுகிறது என்று கையில் கிடைத்துவிடும். பிறகு சாற்றின் ஹிஸ்டிடினை ஹெச்பிஎல்சியில் அளந்து இந்த வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். அளக்கும்போது ஒரு பள்ளம் இருக்கிறது: சால்மொனெல்லா சிறு பெப்டைடுகளையும் உள்ளிழுத்து உடைத்து ஹிஸ்டிடினை எடுத்துக்கொள்ளும். சுதந்திரமாக இருக்கும் ஹிஸ்டிடினை மட்டும் அளந்தால் உண்மையான தீனி குறைவாகத் தெரியும். முளைப்பயறுக்கு இது முக்கியம்.

சாறு ஊட்டுகிறது என்று உறுதியானால் ஆய்வு முடிந்துவிடவில்லை; ஊட்டலுக்கு அடியில் உண்மையான சடுதிமாற்றமும் ஒளிந்திருக்கலாம். அதைப் பிரிக்க இரண்டு வழிகள் வழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, நனைத்துக் கழுவுவது: இரவுக் கல்ச்சரைச் சாற்றோடு பஃபரில் கலந்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம் போல மெல்ல ஆட்டி, சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, மேல்நீரைக் கொட்டி, பஃபரில் இரண்டு முறை கழுவி, முதலில் இருந்த அடர்த்திக்கே கலக்கி, அதில் 0.1 மி.லி. எடுத்து வழக்கம்போல் ஊற்றுவது. சாற்றின் ஹிஸ்டிடின் கழுவிப் போய்விடும். கட்டுப்பாடும், சோடியம் அசைடு போன்ற நேர்க்கட்டுப்பாடும் இதே கழுவலைக் கடந்து வர வேண்டும். இல்லாவிட்டால் வித்தியாசம் கழுவலால் வந்ததா சாற்றால் வந்ததா என்று தெரியாது. இந்த முறையின் குறை, பொருள் செல்லோடு இருக்கும் நேரம் 48 மணியிலிருந்து ஒரு மணிக்குச் சுருங்குவது. மெதுவாக வேலை செய்யும் பொருள் தப்பிவிடும்.

இன்னொன்று, சாற்றை எக்ஸ்ஏடி-2 பிசின் நிரப்பிய குழாயில் ஓட்டுவது. நீரை விரும்பும் அமினோ அமிலங்கள் ஓடிப்போகும். எண்ணெய்ப்பசையுள்ள, வளைய அமைப்புள்ள பொருட்கள் பிசினில் தங்கும். அவற்றை அசிட்டோனிலோ மெத்தனாலிலோ கழுவி எடுத்து, கரைப்பானைப் போக்கி, டிஎம்எஸ்ஓவில் கரைத்துச் சோதிக்கலாம். சிறுநீரிலும் ஹிஸ்டிடின் உண்டு என்பதால் சிறுநீரைச் சோதிக்க இதே பிசினைத்தான் 1977-ல் ஏம்ஸ் குழு கையாண்டது. பிசினில் தங்கிய பகுதி காலனியை ஏற்றினால் அதை நம்பலாம். ஏற்றாவிட்டால், நீரில் கரையும் சடுதிமாற்றப் பொருள் எதுவும் இல்லை என்று மட்டும் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் அதுவும் ஹிஸ்டிடினோடு ஓடிப்போயிருக்கும்.

அப்படிப் பிரித்த பிறகு டிஏ98 மட்டும் தனியாக எகிறினால் ஆச்சரியப்படாதீர்கள். வெங்காயம் முதல் தேயிலை வரை பல தாவரங்களில் இருக்கும் குவெர்செடின் என்ற ஃப்ளேவனாய்டு, டிஏ98-ல் எஸ்9 இல்லாமலே தெளிவான நேர்முடிவு தரும். தாவரத்தில் அது பெரும்பாலும் சர்க்கரை ஒட்டிய வடிவத்தில் இருக்கும். ருட்டின் அப்படி ஒன்று. சர்க்கரை ஒட்டியிருக்கும் வரை பாக்டீரியா அதைக் கண்டுகொள்ளாது. சர்க்கரையை வெட்டும் நொதி சேர்த்தால்தான் நேர்முடிவு வரும். அந்த வெட்டு வேலையை மனிதக் குடலில் அங்கே வாழும் பாக்டீரியாக்கள் செய்கின்றன. ஆகவே ஒரே செடியின் சாறு, எப்படி எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து ஒரு கட்டுரையில் நேர்முடிவும் இன்னொன்றில் எதிர்முடிவும் தந்திருப்பதைப் பார்த்தால், இரண்டில் ஒன்று பொய் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை.

ஹிஸ்டிடினின் இன்னொரு முகம் இதற்கு நேர் எதிரானது. அளவைக் கூட்டக் கூட்டச் சாறு பாக்டீரியாவைக் கொல்லத் தொடங்குகிறது என்று வைப்போம். நூறு செல்லில் தொண்ணூற்றொன்பது செத்தால், அவற்றுக்கென்று வைத்த ஹிஸ்டிடின் முழுதும் மீதமிருக்கும் ஒன்றுக்கு. அது வழக்கத்தைவிட ஆறேழு தலைமுறை கூடுதலாகப் பிரிந்து, குண்டூசித் தலையைவிடச் சிறிய காலனியாகக் கண்ணுக்குத் தெரியும். தட்டு முழுதும் ஒரே மாதிரியான நூற்றுக்கணக்கான புள்ளிகள். லானோ சல்லடையாகியிருக்கும் அல்லது மறைந்தே போயிருக்கும். தானியங்கி எண்ணும் கருவி இதை மகிழ்ச்சியோடு எண்ணி, பெரிய நேர்முடிவு என்று தந்துவிடும். சந்தேகம் வந்தால் பத்துப் பன்னிரண்டு காலனியைக் குச்சியால் தொட்டு, பயோட்டின் உள்ள, ஹிஸ்டிடின் இல்லாத புதிய தட்டில் இழுத்துப் பாருங்கள். உண்மையான ரிவர்டன்ட் வளரும். பசியில் நின்றுபோனவை வளராது. உங்கள் தட்டுகளில் லான் குறைந்ததா கூடியதா என்று நீங்கள் சொல்லவில்லை. தட்டுகளைத் தூக்கிப்போடவில்லையென்றால் இன்றே பாருங்கள். 5 மில்லிகிராம் தட்டின் லான் கட்டுப்பாட்டைவிடத் தடித்திருக்கும் என்பது என் எதிர்பார்ப்பு.

மறுபடி செய்யும்போது வேறு சிலவற்றையும் சரிசெய்துகொள்ளுங்கள். மூன்று அளவு போதாது. இந்தச் சோதனைக்கான ஓஇசிடி 471 வழிகாட்டி குறைந்தது ஐந்து அளவு கேட்கிறது. நச்சில்லாத பொருளுக்குத் தட்டுக்கு 5 மில்லிகிராம் உச்சம்; அங்கிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒன்றாக இறங்கி 5000, 1600, 500, 160, 50 மைக்ரோகிராம். ஒவ்வொன்றுக்கும் மூன்று தட்டு. இரண்டு ரகமும் போதாது. வழிகாட்டி ஐந்து ரகம் சொல்கிறது. புராஜெக்ட்டில் அத்தனைக்கு வசதியில்லையென்றால் டிஏ1535-ஐயாவது சேருங்கள். அதன் தற்செயல் எண்ணிக்கை மிகக் குறைவு, 5 முதல் 20-தான். அதிலும் இதே 2.6 மடங்கு வந்தால் ஊட்டல் கதை இன்னும் வலுப்படும். இரண்டு மடங்கு விதியைப் பொறுத்தவரை, அது பழைய கட்டைவிரல் விதி. டிஏ98, டிஏ100 போன்றவற்றுக்கு இரண்டு, குறைந்த எண்ணிக்கை கொண்டவற்றுக்கு மூன்று என்று வைத்துக்கொள்வார்கள். டிஏ1535-ல் 6-லிருந்து 13-க்கு ஏறுவது வெறும் அலைவு. அளவோடு சேர்ந்து ஏறுகிறதா, உங்கள் லேபின் பழைய கட்டுப்பாட்டு எண்களின் எல்லையைத் தாண்டுகிறதா, மறுநாள் திரும்பச் செய்தால் வருகிறதா என்ற மூன்றும் சேர்ந்தால்தான் நான் நம்புவேன்.

ஊற்றும் கையும் எண்ணிக்கையை மாற்றும். மேல் அகார் 45 டிகிரிக் குளியலில் இருக்க வேண்டும். சூடு கூடினால் செல் சாகும். குறைந்தால் குழாயிலேயே கட்டி கட்டியாக உறையும். சாறு, 0.5 மி.லி. பஃபர், 0.1 மி.லி. பாக்டீரியா மூன்றும் 2 மி.லி. மேல் அகாரில் விழுந்ததும் குலுக்கி, சில நொடிகளுக்குள் தட்டில் ஊற்றி, சுழற்றிப் பரப்பிச் சமதளத்தில் விட்டுவிட வேண்டும். மேசை சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து, லானைப் படிக்க முடியாது.

ரகம் இன்னும் அதே ரகம்தானா என்பதை ஒவ்வொரு புதிய ஸ்டாக்குக்கும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹிஸ்டிடின் இல்லாமல் வளரக் கூடாது. கிரிஸ்டல் வயலட் நனைத்த வட்டத்தாளைச் சுற்றி 14 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வெறும் வட்டம் விழ வேண்டும். விழாவிட்டால் ஆர்எஃப்ஏ போய்விட்டது. ஆம்பிசிலினில் வளர வேண்டும். பாதித் தட்டை மூடிப் புற ஊதா ஒளியை 8 நொடி போலக் காட்டினால் திறந்த பாதி சாக வேண்டும். வாராவாரம் தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே போவதுதான் ரகம் கெடப் பெரும்பாலும் காரணம். டிஎம்எஸ்ஓ சேர்த்து மைனஸ் 80-ல் சிறு குப்பிகளில் உறையவைத்து, ஒவ்வொரு முறையும் குப்பியிலிருந்தே தொடங்குங்கள்.

எஸ்9 இல்லாமல் செய்தது பாதிச் சோதனைதான். பல பொருட்கள் தாமாகத் தீங்கற்றவை. கல்லீரல் நொதிகள் தொட்ட பிறகே டிஎன்ஏவைத் தாக்கும். பூஞ்சை பிடித்த வேர்க்கடலையில் வரும் அஃப்ளாடாக்ஸின் பி1 அப்படித்தான். பாக்டீரியாவிடம் அந்த நொதிகள் இல்லை. அதற்காகவே நொதி தூண்டப்பட்ட எலிக் கல்லீரலை அரைத்து, 9000 ஜி விசையில் சுழற்றி எடுத்த மேல்நீரைச் சேர்க்கிறோம். அந்த 9000-தான் பெயரில் இருக்கும் 9. எஸ்9-லும் கொஞ்சம் ஹிஸ்டிடின் இருப்பதால், அது சேர்ந்த தட்டின் கட்டுப்பாட்டு எண்ணிக்கையே சற்றுக் கூடலாம். ஆகவே எஸ்9 தட்டை எஸ்9 கட்டுப்பாட்டோடு மட்டும் ஒப்பிடுங்கள். உங்கள் சோடியம் அசைடும் 2-நைட்ரோஃப்ளுவோரீனும் எஸ்9 தேவைப்படாதவை. எஸ்9 வேலை செய்கிறதா என்று அவை சொல்லாது. அதற்கு பென்சோபைரீன் போல, எஸ்9 இல்லாமல் எழும்பாத ஒன்று வேண்டும்.

கடைசியாகப் புற்றுநோய். ஹிஸ்டிடின் சந்தேகம் எல்லாம் தீர்ந்து சாறு உண்மையிலேயே நேர்முடிவு தந்தாலும், நீங்கள் எழுதக்கூடியது, இந்த ரகத்தில், இந்த அளவில், எஸ்9 உடனோ இல்லாமலோ, இது சடுதிமாற்றம் உண்டாக்கியது என்பது மட்டும்தான். 1975-ல் ஏம்ஸ் குழு வெளியிட்ட கணக்கில், சோதித்த புற்றுநோய்ப் பொருட்களில் 90 விழுக்காடு இந்தச் சோதனையில் பிடிபட்டன. 1987-ல் அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் எலிகளில் சோதித்த 73 பொருட்களை வைத்துப் பார்த்தபோது, புற்றுநோய்ப் பொருட்களில் 45 விழுக்காடுதான் பிடிபட்டன. ஆனால் புற்றுநோய் தராதவற்றில் 86 விழுக்காட்டைச் சரியாகவே விட்டுவிட்டது. இரண்டு கணக்கும் தவறல்ல. எடுத்துக்கொண்ட பொருட்கள் வேறு. கல்நார் போலவும் ஹார்மோன்கள் போலவும் டிஎன்ஏ எழுத்தைத் தொடாமல் புற்றுநோய்க்கு வழி செய்பவை இந்தத் தட்டில் காலனியாகத் தெரியப் போவதில்லை.

மறுபக்கத்துக்கு உங்கள் அலமாரியிலேயே உதாரணம் இருக்கிறது. டிஏ100-ஐ எகிறவைக்க நீங்கள் நேர்க்கட்டுப்பாடாக வைத்த சோடியம் அசைடு, நேராக டிஎன்ஏவைத் தாக்குவதில்லை. பாக்டீரியா தன் சிஸ்டீன் தயாரிக்கும் நொதியால் அதை அசைடோஅலனின் என்ற வேறொரு பொருளாக மாற்றுகிறது; சடுதிமாற்றம் அதிலிருந்து தொடங்குகிறது. அதே நச்சியல் திட்டம் எலிகளுக்குச் சோடியம் அசைடைக் கொடுத்துப் பார்த்ததில் புற்றுநோய்க்கான ஆதாரம் கிடைக்கவில்லை. கடும் விஷம் என்பது வேறு விஷயம், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். உலோகக் குழாயுள்ள தொட்டியிலும் கொட்டாதீர்கள், செம்பும் ஈயமும் அதோடு சேர்ந்தால் வெடிக்கும் உப்பு உண்டாகும்.

பயோட்டின் மட்டும் சேர்த்த அந்தத் தட்டின் முடிவு வந்ததும், லான் எப்படி இருந்தது என்ற குறிப்போடு எண்களை இங்கேயே போடுங்கள்.